எண்ணெய் விலை ஏறியது, மாமாவின் பணம் ஏறவில்லை

வானொலிச் செய்தியின் கடைசியில் நான் வாசிக்கும் வரிகளில் ஒன்று கச்சா எண்ணெய் விலை. "பீப்பாய் ஒன்றுக்கு இத்தனை டாலர்" என்று நான்கு விநாடியில் சொல்லி முடித்துவிட்டு வானிலைக்குப் போய்விடுவேன். ஆனால் எண்ணெய்க்கு ஒரே ஒரு விலை என்று ஒன்று கிடையாது. இன்றைய தேதியில் அடுத்த மாதம் கைமாறும் எண்ணெய்க்கு ஒரு விலை இருக்கும், அதற்கடுத்த மாதத்துக்கு இன்னொரு விலை, ஒரு வருடம் கழித்துக் கைமாறுவதற்கு வேறொரு விலை. நான் வாசிப்பது வழக்கமாக மிகக் கிட்டத்தில் இருக்கும் மாதத்தின் விலை. நம் நாட்டுச் செம்பனை எண்ணெயில் இது வெளிப்படையாகவே தெரியும். புர்சா மலேசியாவில் அளவுகோலாக வைத்துக்கொள்வது மூன்றாம் மாத ஒப்பந்தத்தின் விலையைத்தான். அதனால்தான் அந்தச் செய்தியில் 'மூன்றாம் மாத' என்ற சொல் அடிக்கடி வருகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தாய்மாமா. கிள்ளான் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு கிடங்கில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2020 மார்ச் கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் எல்லோரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, எண்ணெய் விலை 20 டாலருக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டார். "இதுக்கு மேல எங்க எறங்கப் போகுது? வண்டி ஓட ஆரம்பிச்சா ஏறித்தானே ஆகணும்?" என்று சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தில் 18,000 வெள்ளியை, அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட ஓர் எண்ணெய் நிதியில் போட்டார்.

மாமா கணித்தது நடந்தது. 2020 மார்ச் 31ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் 20.48 டாலர். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் தேதி 48.52 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். ஜனவரியில் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"இருபதுலேர்ந்து நாப்பத்தெட்டுன்னு நீயே ரேடியோவுல வாசிச்சேம்மா. என் பதினெட்டாயிரம் நாப்பதாயிரம் பக்கம் வந்திருக்கணும். பதினாறாயிரத்துச் சொச்சம்தான் நிக்குது. நடுவுல யாரு எடுத்தா?"

கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகமாக இருந்தது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அத்தையிடம் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. ரிங்கிட் அந்த மாதங்களில் டாலருக்கு எதிராக வலுவடைந்ததால் ஒரு சிறு பகுதி குறைந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். மீதி எங்கே போனது என்று தெரியவில்லை. நான் படித்தது ஊடகத் துறை. சந்தைத் தளங்களில் பழைய விலைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் வாங்கியது எண்ணெயை அல்ல.

இந்த மாதிரி நிதிகளிடம் தொட்டி கிடையாது. எண்ணெயை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதனால் அவை முன்பேர ஒப்பந்தங்களை வாங்குகின்றன. அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் ஒன்று 1,000 பீப்பாய். குறிப்பிட்ட மாதத்தில் ஓக்லஹோமா மாநிலத்தில் குஷிங் என்ற ஊரில் எண்ணெயை ஏற்றுக்கொள்கிறேன் என்ற உறுதி அது. ஒப்பந்தம் முடியும் நாள்வரை கையில் வைத்திருந்தால் எண்ணெயை எடுக்கப் போக வேண்டும். ஆகவே நிதி என்ன செய்கிறது என்றால், முடியும் நாளுக்கு முன்பே அதை விற்றுவிட்டு அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு அதை விற்று அதற்கடுத்த மாதம். இதைத்தான் ரோல் செய்வது என்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பிப்பதைப் போல, மாதாமாதம் இது நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. கிட்டத்து மாத எண்ணெய் 50 டாலர், அடுத்த மாதம் 52 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடம் முழுக்க எண்ணெய் விலை அசையவே இல்லை, மாதா மாதம் இதே 50, 52 என்று இருக்கிறது. உங்களிடம் 10,000 டாலர். அடுத்த மாத ஒப்பந்தத்தை 52 டாலருக்கு வாங்கினால் 192 பீப்பாய்க்குச் சற்று மேல் வரும். ஒரு மாதம் ஓடுகிறது. அந்த ஒப்பந்தம் இப்போது கிட்டத்து மாதமாகிவிட்டது. முடியும் நாள் நெருங்க நெருங்க அதன் விலை அன்றைய எண்ணெய் விலையோடு வந்து ஒட்டியே ஆக வேண்டும். அதாவது 52 மெல்ல மெல்ல 50க்கு இறங்கிவிடும். உங்கள் 10,000 இப்போது 9,615. அதை வைத்து மறுபடி 52க்கு வாங்குகிறீர்கள், மறுபடி 50க்கு வந்து நிற்கிறது. இப்போது 9,246. பன்னிரண்டு முறை இப்படிப் போனால் கையில் நிற்பது சுமார் 6,250 டாலர். எண்ணெய் விலை ஒரு காசு இறங்கவில்லை. நான் செய்தியில் தினமும் 50 என்றே வாசித்திருப்பேன். உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிருக்கும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 50க்கு விற்று 52க்கு வாங்குவதால் அந்த நிமிடத்திலேயே 2 டாலர் நட்டம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 9,615 டாலருக்கு ஒன்றை விற்று, அதே 9,615 டாலருக்கு மற்றொன்றை வாங்குகிறீர்கள். பீப்பாய் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் பணத்தின் மதிப்பு அந்தக் கணத்தில் அப்படியேதான் இருக்கிறது. நட்டம் வருவது அதற்குப் பிறகு, 52 என்பது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக 50ஐ நோக்கி வழுக்கும்போது. அதனால்தான் கணக்கு அறிக்கையில் 'ரோல் செலவு' என்று ஒரு வரி தேடினால் கிடைக்காது. மாமாவும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் என்னை அழைத்திருந்தார்.

இப்படி, தூரத்து மாதம் கிட்டத்து மாதத்தைவிட விலை கூடி, வரைந்து பார்த்தால் விலைக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் நிலைக்குக் கான்டாங்கோ என்று பெயர். நேர்மாறாகக் கிட்டத்து மாதம் 50, அடுத்த மாதம் 48 என்று கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது பேக்வர்டேஷன். அப்போது கணக்கு திரும்பிவிடும். 48க்கு வாங்கியது மாதக் கடைசியில் 50க்கு ஏறி வந்து ஒட்டும். அதே பன்னிரண்டு மாதம், அதே அசையாத எண்ணெய் விலை, 10,000 டாலர் சுமார் 16,300 ஆகியிருக்கும். விலைக்கோட்டின் சாய்வால் மட்டும் வரும் இந்த லாபத்தையும் நட்டத்தையும்தான் ரோல் யீல்ட் என்கிறார்கள்.

கோடு ஏன் ஒரு சமயம் மேலேயும் ஒரு சமயம் கீழேயும் சாய்கிறது என்பதை நான் விளக்க வேண்டி இருக்கவில்லை. மாமாவே எனக்கு விளக்கினார். "இப்ப சரக்கு யாருக்கும் வேணாம், மூணு மாசம் கழிச்சுத்தான் வேணும்னா, அதுவரைக்கும் எங்கயாவது வெச்சிருக்கணும் இல்ல? தொட்டி வாடகை யாரு குடுப்பா?" என்றார். அதேதான். இன்றைய எண்ணெயை வாங்கி வைத்திருந்து பிறகு விற்பவருக்குத் தொட்டி வாடகை, காப்புறுதி, முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் சேர்த்துக் கிடைக்க வேண்டும். தூரத்து மாத விலை அந்தச் செலவுக்கு மேல் கூடினால், தொட்டி வைத்திருப்பவர்கள் இன்று வாங்கி நிரப்பி, தூரத்து மாதத்தில் இன்றே விற்று வைத்து, ஆபத்தில்லாமல் லாபம் எடுப்பார்கள். அந்தப் போட்டியால் வித்தியாசம் மறுபடி செலவளவுக்கு வந்துவிடும். ஆகவே தொட்டியில் இடம் இருக்கும்வரை மேல்சாய்வுக்கு ஒரு வரம்பு உண்டு.

கீழ்ச்சாய்வுக்கு அப்படி வரம்பு இல்லை. சரக்குத் தட்டுப்பாடு வந்தால், ஆலை நின்றுவிடக் கூடாதே என்று பயப்படுபவர் இன்றைய எண்ணெய்க்கு எவ்வளவும் கொடுப்பார். அடுத்த வருடத்து எண்ணெயைக் கடன் வாங்கி இன்றைக்குக் கொண்டுவர யாராலும் முடியாது.

2020 ஏப்ரலில் நடந்தது அந்த மேல்வரம்பு உடைந்த கதை. உலகம் முழுக்க வண்டிகளும் விமானங்களும் நின்றன. எண்ணெய்க் கிணறுகள் உடனே நிற்கவில்லை. குஷிங்கில் தொட்டிகள் வேகமாக நிரம்பின. நிரம்பாத கொஞ்சமும் ஏற்கெனவே யாரோ வாடகைக்கு எடுத்தது. ஏப்ரல் 17 வெள்ளிக்கிழமை, மே மாத ஒப்பந்தம் 18.27 டாலர், ஜூன் மாத ஒப்பந்தம் 25.03 டாலர். ஒரே எண்ணெய், ஒரு மாத இடைவெளி, ஆனால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வித்தியாசம். தொட்டி இருந்தவருக்கு அது அள்ளிக்கொள்ளக்கூடிய லாபம். தொட்டி கிடைக்காததால்தான் அள்ள ஆளில்லாமல் அந்த வித்தியாசம் அப்படியே நின்றது. அடுத்த திங்கட்கிழமை, ஏப்ரல் 20, மே ஒப்பந்தம் கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயைக் கையில் வாங்காமல் தப்பிப்பதற்காக விற்பவர்கள் பணம் கொடுத்தார்கள். அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20.43 டாலர்.

"நாங்க தொட்டியில இருந்து வழிஞ்சிடுமோன்னு பயந்த ராத்திரிங்க உண்டு. ஆனா காசு குடுத்து எடுத்துட்டுப் போகச் சொன்னது கிடையாது" என்றார் மாமா.

மாமா வாங்கிய நிதியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்லவும் இல்லை. ரோல் எப்படி நடக்கும் என்பது அவர்களுடைய விளக்கக் குறிப்பில் முன்பே அச்சாகியிருந்தது. இதே அமைப்புள்ளவற்றில் எல்லோரும் பார்க்கக்கூடிய பெரிய நிதி யுனைடட் ஸ்டேட்ஸ் ஆயில் ஃபண்ட். அதை எடுத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 31ஆம் தேதி அதன் பங்கு ஒன்று நான்கு டாலருக்குச் சற்று மேல். ஏப்ரல் கடைசியில் எட்டுப் பங்கை ஒன்றாக்கினார்கள். அப்படிப் பார்த்தால் மார்ச் 31 விலை 33 டாலருக்குச் சற்று மேல். டிசம்பர் 31ஆம் தேதி அதன் விலை 33 டாலர். எண்ணெய் இரண்டு மடங்குக்கும் மேல் போன ஒன்பது மாதத்தில் இந்தப் பங்கு நின்ற இடத்திலேயே நின்றது.

காரணம் இரண்டு படியில் இருக்கிறது. முதலாவது, ஏப்ரலில் மே மாதத்தை விட்டு ஜூனுக்குப் போகும்போது மிகவும் செங்குத்தான மேல்சாய்வில் ஏற வேண்டியிருந்தது. மே ஒப்பந்தம் கழித்தலுக்குப் போனபோது அந்த நிதி அதில் இல்லை, அந்த அடியிலிருந்து தப்பியது. ஆனால் கையில் இருந்த ஜூன் ஒப்பந்தமும் அந்த நாள்களில் சரிந்தது. இரண்டாவது, அந்தக் கலவரத்துக்கு நடுவில் நிதி தன் பணத்தைப் பல மாத ஒப்பந்தங்களில் பிரித்து வைத்தது. தூரத்து மாதங்கள் குறைவாகவே விழுந்திருந்தன. அதனால் பிறகு எண்ணெய் மீண்டபோது குறைவாகவே ஏறின. நான் செய்தியில் வாசித்த 20லிருந்து 48 என்ற ஏற்றத்தில் ஒரு பகுதி, ஒரு மாதத்தை விட்டு அடுத்த மாதத்துக்கு விலைப் பட்டியல் தாவியபோது வந்தது. 20 டாலருக்கு எண்ணெய் வாங்கித் தொட்டியில் வைத்திருந்தவருக்கு மட்டும்தான் அந்த ஏற்றம் சொந்தம். அவரும் வாடகை கட்டியிருப்பார்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இது ஒரு பயமுறுத்தும் கதையாக மட்டும் நின்றுவிடும். 2021 முடிவில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் 75.21 டாலர். 2022 முடிவில் 80.26. ஏற்றம் ஏழு விழுக்காடுகூட இல்லை. அதே நிதி அந்த வருடத்தில் ஏறியது சுமார் 29 விழுக்காடு. பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியது, கையிருப்பு குறைவாக இருந்தது, இன்றைய எண்ணெய்க்கு எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். வருடத்தின் பெரும்பகுதி விலைக்கோடு கீழ்நோக்கியே சாய்ந்திருந்தது. மலிவான தூரத்து மாதத்தை வாங்குவதும் அது ஏறி வருவதும் மாதாமாதம் நடந்தது. நிதி தன் பணத்தை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருந்ததால் கிடைத்த வட்டியும் கொஞ்சம் சேர்ந்தது. ஆனால் பெரும் வித்தியாசம் சாய்வால் வந்ததுதான்.

அப்படியானால் கீழ்ச்சாய்வு இருக்கும்போது மட்டும் வாங்கினால் போதுமா என்று மாமா கேட்டார். போதாது. சாய்வு சொல்வது, விலை அசையாமல் இருந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும். விலை அசையாமல் இருக்கும் என்று அது உறுதி சொல்லவில்லை. 2014 ஜூனில் அமெரிக்க எண்ணெய் 100 டாலருக்கு மேல் இருந்தது, விலைக்கோடு கீழ்ச்சாய்வில் இருந்தது. ரோல் செய்பவருக்கு நல்ல காலம். அந்த வருடம் முடியும்போது எண்ணெய் 53 டாலர், கோடும் மேல்நோக்கித் திரும்பிவிட்டது. மாதத்துக்கு ஒன்றிரண்டு விழுக்காடு கொடுக்கும் சாய்வு, பாதியாகும் விலையைத் தாங்காது. மேல்சாய்வும் எப்போதும் நட்டம் என்று பொருள்படாது. தங்கத்தின் விலைக்கோடு பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கும். தங்கத்தை வைத்திருக்க இடம் அதிகம் தேவையில்லை என்பதால் அந்தச் சாய்வு ஏறக்குறைய வட்டியின் அளவு மட்டும். நிதி தன் பணத்துக்கு வாங்கும் வட்டி அதைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். இடம் அடைக்கும், கெட்டுப்போகும், தொட்டி கேட்கும் பொருள்களில்தான் சாய்வு கடிக்கும்.

பார்ப்பது எப்படி என்பது கடினமில்லை. சந்தையின் இணையப் பக்கத்தில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் CL என்ற குறியீட்டில் இருக்கும். நம் செம்பனை எண்ணெய் FCPO. மாதவாரியாக விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கிட்டத்து மாதத்தையும் அடுத்ததையும் எடுத்து, வித்தியாசத்தைக் கிட்டத்து மாத விலையால் வகுத்தால் ஒரு மாதச் சாய்வு கிடைக்கும். அரை விழுக்காடு என்றால் வருடத்துக்கு ஆறு விழுக்காடு அளவுக்கு எதிர்காற்று. நான்கு விழுக்காடு என்றால் மேலே சொன்ன 10,000 டாலர் கதை. ஆனால் இந்த ஒரு மாதச் சோதனை மட்டும் போதாத பொருள்களும் உண்டு. செம்பனைக்கு விளைச்சல் மாதங்கள் இருக்கின்றன, இயற்கை எரிவாயுவுக்குக் குளிர்காலம் இருக்கிறது. அவற்றில் பருவம்தான் சாய்வாகத் தோன்றும். கிட்டத்து மாதத்தையும் அடுத்த வருடத்தின் அதே மாதத்தையும் ஒப்பிட்டால் அந்தக் குழப்பம் நீங்கும். பிறகு, வாங்கப் போகும் நிதி எந்த மாதத்தில் பணத்தை வைக்கிறது, எப்போது ரோல் செய்கிறது என்பதை அதன் விளக்கக் குறிப்பில் தேட வேண்டும். கடந்த வருடங்களில் எண்ணெய் எத்தனை விழுக்காடு, நிதி எத்தனை விழுக்காடு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மாமா அந்தப் பணத்தை 2021இல் எடுத்துவிட்டார். அதற்கு முன், கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய விளக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் 50, 52 கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்கும் தன் கையால் போட்டுப் பார்த்தார். கடைசி எண் சரியாக வந்ததும் அத்தையைக் கூப்பிட்டு, "யாரும் ஏமாத்தலடி, தொட்டி வாடகைதான்" என்று காட்டினார். தொலைபேசியில் அத்தை சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.